லைவ்ல உக்காந்தா நாக்கு ஒட்டிக்குதுன்னு எழுதுன டெய்லருக்கு

கேள்வி: நான் தேவகோட்டை பக்கம், 17 வருஷமா லேடீஸ் டெய்லர். ஜாக்கெட் தைக்க வர்றவங்களுக்கே சேலையும் வித்தா என்னன்னு காரைக்குடியில நெசவுக்காரங்ககிட்ட கண்டாங்கி கொஞ்சம் எடுத்து வச்சு லைவ் போட ஆரம்பிச்சேன். கேமரா ஆன் ஆனதும் நாக்கு மேல ஒட்டிக்கிது, சேலைய விரிச்சுப் புடிச்சா கை நடுங்குறது எனக்கே தெரியுது. ரெண்டாவது தடவ பாதியில கட் பண்ணிட்டேன். கடையில நாள் பூரா வாய் ஓயாம பேசுறவ நான், இதுல மட்டும் ஏன் இப்படி? படபடப்பு கொறைய மாத்திரை இருக்குன்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க, போடலாமா? எடுத்த சேலை அப்படியே கெடக்கு மேடம்.

பதில்:

மாத்திரை விஷயத்த மொதல்ல சொல்லிடுறேங்க, அதுதான் அவசரம். அவங்க சொல்றது அனேகமா ப்ரோப்ரனலாலா இருக்கும். நெஞ்சு படபடக்குறதையும் கை நடுக்கத்தையும் அது கொறைக்கும், நெசந்தான், கச்சேரி பண்றவங்க சிலபேர் டாக்டர் எழுதிக் குடுத்து போடுறதும் உண்டு. ஆனா வீசிங் இருக்கவங்க போட்டா மூச்சு இழுத்துக்கும், நாடித்துடிப்பு ஏற்கனவே கம்மியா இருக்கவங்களுக்கு ஆகாது, சுகருக்கு இன்சுலின் போடுறவங்களுக்கு சுகர் எறங்கும்போது வர்ற படபடப்ப அது வெளிய தெரியவிடாம மறைச்சிரும். அதனால தெரிஞ்சவங்க சொன்னாங்கன்னு மெடிக்கல்ல வாங்கிப் போடாதீங்க, வேணும்னா டாக்டர பாத்துட்டு போடுங்க. இன்னொரு சங்கடமும் இருக்கு, மாத்திரை போட்டுட்டு உக்காந்து லைவ் நல்லா போச்சுன்னா மனசு அந்தக் கணக்க உங்க பேர்ல எழுதாது, மாத்திரை பேர்ல எழுதிரும், அடுத்த லைவுக்கு மாத்திரை தீந்துபோச்சுன்னாலே கை நடுங்கும்.

இப்ப உங்களுக்கு ஒருத்தர் கதைய சொல்றேன். உங்க தொழில்தான், உங்க பிரச்சனையேதான். அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன், பேரும் ஊரும் வேணாம், பள்ளத்தூர் கானாடுகாத்தான் அந்த வட்டாரம்னு வச்சுக்கங்க. நாப்பத்தஞ்சு வயசு, ஊர்ல எல்லாருக்கும் டெய்லரண்ணே. பெரிய வீடு ஒண்ணுல முன்பக்கத்து அறைய வாடகைக்கு எடுத்து ரெண்டு மெஷின் போட்டிருக்கார். ஜாக்கெட் தைக்கிறது, சேலைக்கு ஃபால்ஸ் வைக்கிறது, ஓரம் அடிக்கிறது, இதுதான் வேலை. ரெடிமேட் ஜாக்கெட் வந்ததுக்கப்புறம் ஆர்டர் கொறையவும், பழக்கமான நெசவுக்காரர் ஒருத்தர் ஒரு டஜன் கண்டாங்கிய கடனா குடுத்து வித்துட்டு காசு குடுங்கன்னு சொல்லியிருக்கார். காலேஜ் படிக்கிற மச்சினர் பையன் போன ஸ்டாண்டுல மாட்டிக் குடுத்து மாமா லைவ் போடலாம்னு உக்கார வச்சுட்டான்.

மொத லைவ்ல என்ன நடந்துச்சுன்னு அவர நிமிஷம் நிமிஷமா சொல்லச் சொன்னேன், இது முக்கியங்க, பொத்தாம் பொதுவா பயமா இருந்துச்சுன்னு சொன்னா எங்க புடிக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. அவர் சொன்னது இது. வணக்கம்னு சொன்னதும் வாய் காஞ்சுபோச்சு. ஒரு பேப்பர்ல எழுதி வச்சிருந்தத படிக்க ஆரம்பிச்சார். அரக்கு கலர் சேலைய விரிக்கும்போது கை நடுங்குச்சு, அது தெரியக்கூடாதுன்னு முழங்கைய கட்டிங் டேபிள்ல அழுத்தி வச்சுக்கிட்டார், அதனால முந்தி முழுசா கேமராவுக்குள்ள வரவே இல்ல. சீக்கிரம் முடிக்கணும்னு வேகமா பேசினார். நடுவுல ஸ்கிரீன்ல தன் மொகத்த பாத்துக்கிட்டே இருந்தார், வேர்க்குதா, மொகம் ஒரு மாதிரி இருக்கான்னு. "பாக்குறவங்க எந்த ஊருன்னு சொல்லுங்க"ன்னு பையன் எழுதிக் குடுத்தபடி கேட்டார், ஒரு பதிலும் வரல. அந்த அமைதிய தாங்க முடியாம, நெட்வொர்க் சரியில்லங்கன்னு சொல்லி கட் பண்ணிட்டார். நெட்வொர்க் நல்லாத்தான் இருந்துச்சு. கட் பண்ண அடுத்த நொடி அப்பாடான்னு இருந்துச்சாம்.

அந்த அப்பாடாதாங்க பயத்துக்கு சாப்பாடு. நாய் தொரத்தும்போது ஓடினா அது இன்னும் வேகமா தொரத்துற கதைதான், ஓடி தப்பிச்சதால நாய் கடிக்கும்ங்குற நெனப்பு உறுதியாயிடும், நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரிஞ்சுக்க வாய்ப்பே கெடைக்கல. பாதியில கட் பண்ணும்போது மூளை என்ன கத்துக்குதுன்னா "நல்லவேளை கட் பண்ண, இல்லாட்டி மானம் போயிருக்கும்". அடுத்த தடவ இன்னும் சீக்கிரமா படபடப்ப அனுப்பும். உங்களுக்கு மொத தடவைய விட ரெண்டாவது தடவ மோசமா இருந்திருக்கும்னு நெனைக்கிறேன், இருந்திருந்தா காரணம் இதுதான்.

கடையில பேசுற நாக்கு லைவ்ல ஏன் ஒட்டுதுன்னு கேட்டிருக்கீங்க. கடையில ஒருத்தங்களுக்கு அளவெடுக்கும்போது உங்க கண்ணு எங்க இருக்கு? அவங்க தோள்ல, டேப்புல, பழைய ஜாக்கெட்டோட கையில. உங்க மொகம் எப்படி இருக்குன்னு நீங்க பாக்குறதே இல்ல. லைவ்ல போன் உங்க மொகத்தையே உங்க முன்னாடி நிறுத்துது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ்னு ரெண்டு உளவியல் நிபுணர்கள் 1995ல சமூக பயத்த பத்தி எழுதினதுல அடிப்படையான விஷயம் இதுதான், பயம் வந்ததும் கவனம் வெளிய இருந்து உள்ள திரும்பிரும், நெஞ்சு எவ்வளவு அடிக்குது, கை எவ்வளவு ஆடுதுன்னு உள்ள உணர்றத வச்சே வெளிய எப்படி தெரியுறோம்னு நாமளா ஒரு படம் வரைஞ்சுக்குவோம், அந்தப் படம் எப்பவும் நெசத்த விட மோசமா இருக்கும். அப்புறம் அத மறைக்க ஏதாவது செய்வோம், முழங்கைய அழுத்துறது, பேப்பர பாத்து படிக்கிறது, வேகமா பேசுறது. இதெல்லாம் பாதுகாப்புன்னு நெனைச்சு செய்றோம், ஆனா பாக்குறவங்க கண்ணுக்கு வித்தியாசமா தெரியுறதே அதுதான்.

இன்னொண்ணு, இது லைவுக்கே உரிய விஷயம். நீங்க பேசுறது அவங்க போனுக்கு போக சில நொடி ஆகும், சில சமயம் பத்து இருபது நொடி கூட ஆகும், அவங்க கேட்டு, யோசிச்சு, டைப் அடிச்சு, அது திரும்பி வரணும். கடையில "இந்தக் கலர் புடிச்சிருக்கா"ன்னு கேட்டா மொகத்துலயே பதில் வந்துரும். லைவ்ல அரை நிமிஷம் ஒண்ணுமே வராது. பயந்தவங்களுக்கு அந்த அரை நிமிஷம் யாருக்கும் புடிக்கலங்குற தீர்ப்பு மாதிரி இருக்கும். டெய்லரண்ணே கட் பண்ணப்புறம் பையன் பாத்தா கீழ மூணு கமெண்ட் இருந்திருக்கு, அதுல ஒண்ணு "திருப்பத்தூர்ல இருந்து பாக்குறேன் அண்ணே". அவர் கேட்ட கேள்விக்கு பதில் வந்திருக்கு, அவர்தான் அங்க இல்ல.

சரி, என்ன செஞ்சோம்னு சொல்றேன். மொதல்ல லைவே கெடையாது, வெறும் ரெக்கார்டிங். ஒரே சேலைய ரெண்டு தடவ காமிக்கணும், ஒவ்வொண்ணும் மூணு நிமிஷம். மொத தடவ வழக்கமா செய்ற எல்லாத்தையும் வேணும்னே முழுசா செய்யணும், பேப்பர், முழங்கை, வேகம், தன் மொகத்தையே பாக்குறது, எல்லாம். ரெண்டாவது தடவ அதுல ஒண்ணு கூட கூடாது. போன்ல மொகம் தெரியுற எடத்துல லைனிங் துணி ஒரு துண்ட வெட்டி ஒட்டச் சொன்னேன், லென்ஸ் மட்டும் தெரியும். பேப்பர் இல்ல. கை நடுங்குனா நடுங்கட்டும், சேலைய முழு நீளத்துக்கு விரிச்சு புடிக்கணும். கண்ணு ஒண்ணு துணியில இருக்கணும், இல்லாட்டி லென்ஸ்ல இருக்கணும்.

ரெண்டும் எடுத்தாச்சு, ஒடனே பாக்க விடல. இந்த எடத்துல நெறைய பேர் தப்பு பண்ணுவாங்க, எடுத்த சூட்டோட பாத்தா உள்ள இருந்த பயத்தோடதான் பாப்போம், வீடியோவுல இருக்கது தெரியாது. அதனால பாக்குறதுக்கு முன்னாடி எழுதச் சொன்னேன்: கை நடுக்கம் பத்துக்கு எத்தன தெரியும், வேர்வை எத்தன, குரல் எத்தன. நடுக்கத்துக்கு எட்டு போட்டார். அப்புறம், இது உங்க வீடியோ இல்ல, மதுரையில யாரோ ஒரு டெய்லர், அவர் எப்படி பேசுறார்னு மட்டும் பாருங்கன்னு சொல்லி போட்டேன். ரெண்டாவது வீடியோவுல நடுக்கத்த அவரால கண்டுபுடிக்கவே முடியல, நிறுத்தி நிறுத்தி பாத்துட்டு ரெண்டு போட்டார். மொத வீடியோவுல நடுக்கம் தெரியல, ஆனா ஒரு ஆளு பேப்பர பாத்து ஒப்பிக்கிறது, டேபிள்ல சாஞ்சு ஒரு பக்கமா உக்காந்திருக்கது, ஓரக்கண்ணால எதையோ பாத்துக்கிட்டே இருக்கது, இதெல்லாம் தெரிஞ்சுச்சு. "மேடம், மறைக்கப் போயித்தான் திருட்டு முழி வந்திருக்கு"ன்னார். நான் பத்து வாட்டி சொன்னாலும் புரியாதது அவருக்கே கண்ணுல பட்டுச்சு.

இதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. சவிட்ஸ்கி, கிலோவிச்னு ரெண்டு அமெரிக்க உளவியல் நிபுணர்கள் 2003ல மேடைப் பேச்ச வச்சு ஒரு சோதனை வெளியிட்டாங்க. உங்க பதட்டம் உங்களுக்கு தெரியுற அளவுக்கு மத்தவங்களுக்கு தெரியாதுன்னு பேசுறதுக்கு முன்னாடியே விளக்கிச் சொன்னவங்க, சொல்லாதவங்கள விட நல்லாவே பேசியிருக்காங்க. நெஞ்சுக்குள்ள அடிக்கிற அடிய போன் காமிக்காதுங்க.

அடுத்தது லைவ். பேஸ்புக்ல யார் பாக்கலாம்னு தேர்ந்தெடுக்குற எடத்துல Only me போட்டா யாருக்கும் போகாது, ஆனா லைவ் பட்டன அமுக்குறது, செவப்புல எழுத்து வர்றது எல்லாம் நெசமா நடக்கும், அவருக்கு அந்த செவப்பு எழுத்த பாத்தாலே வயித்த கலக்கும்ங்கிறதால இதுல ஆரம்பிச்சோம். அது சலிச்சுப்போனதும் தெரிஞ்சவங்க ஒரு நாலஞ்சு பேருக்கு மட்டும், அதுக்கப்புறம் எல்லாருக்கும். ஒவ்வொரு தடவையும் முன்னாடி ஒரு வரி எழுதணும், என்ன நடக்கும்னு பயப்படுறேன். முடிஞ்சப்புறம் ஒரு வரி, என்ன நடந்துச்சு. அந்த நோட்டு அவரோட அளவு நோட்டுதாங்க, முன்பக்கம் மார்பு இடுப்பு கை அளவு, பின்பக்கத்துல இது.

ஒரு எடத்துல நான் கண்டிப்பா இருந்தேன். ஆரம்பத்துல பின்பக்க கேமராவ டேபிள் பாத்து வச்சு கைய மட்டும் காமிச்சு பேசட்டுமான்னு கேட்டார். கொஞ்ச நாளைக்கு சரின்னு சொன்னேன், கை வேலைய செய்யும்போது கவனம் தானா துணிக்கு போயிரும், அது நல்ல படி. ஆனா அதுலயே தங்கிட்டா மொகத்த காமிச்சா மானம் போயிரும்ங்குற பயம் அப்படியே உள்ள உக்காந்திருக்கும். கைய மட்டும் காமிச்சே நல்லா விக்கிறவங்க இருக்காங்க, வியாபாரமா அதுல தப்பே இல்ல, பிடிச்சு செய்றோமா பயந்து செய்றோமான்னு பாத்துக்கங்க, அதுதான் வித்தியாசம்.

எல்லாரும் பாக்குற மொத லைவ் ஒரு மத்தியானம் மூணு மணிக்கு. சிங்கப்பூர்ல இருக்க ஊர்க்காரங்களுக்கு அப்ப சாயந்தரம் அஞ்சரை, வேலை முடியுற நேரம், அதனால அந்த நேரம். இன்னொரு காரணம் வெளிச்சம். ராத்திரி ட்யூப்லைட்ல அரக்கு ஒரு மாதிரி செவப்பா தெரியும், கடுகு மஞ்சள் பச்சை அடிக்கும், வாங்கினவங்க கலர் வேறன்னு திருப்பி அனுப்புவாங்க, அந்த பயம் நியாயமான பயம், அதுக்கு மனப்பயிற்சி இல்ல மருந்து, வெளிச்சம்தான். ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்து, பக்கத்துல ஒரு வெள்ள லைனிங் துணிய வச்சுக்கிட்டார், அது வெள்ளையா தெரிஞ்சாத்தான் மத்த கலரும் சரியா தெரியும்.

நோட்டுல எழுதினது: "கேள்வி கேட்டா பதில் தெரியாம முழிப்பேன், சிரிப்பாங்க. பயம் நூத்துக்கு 85". ஆரம்பிச்சார். ஒரு சேலை காமிச்சார், கொஞ்சம் நின்னார். அமைதி வந்துச்சு. இந்த தடவ அந்த அமைதிக்கு ஒரு வேலை குடுத்திருந்தோம், அமைதி வந்தா பேச வேணாம், சேலைய மடிக்கணும். கொசுவம் எடுக்குற மாதிரி ஒவ்வொரு மடிப்பா, அவசரப்படாம. மடிச்சு முடிக்கும்போது கமெண்ட் வந்து நின்னுச்சு. ஒரு ஆச்சி கேட்டிருந்தாங்க, "ஃபால்ஸ் வச்சு கட்டினா ஒரு துவைப்புலயே அடிப்பக்கம் சுருக்கி இழுத்துக்குதே தம்பி, ஏன்?"

அவ்வளவுதான். ஃபால்ஸ் துணிய தண்ணியில நனைச்சு காயப்போட்டு தேச்சு அப்புறம் வைக்கணும் ஆச்சி, கடையில வாங்கின சூட்டோட வச்சா சேலை ஒரு அளவு சுருங்கும் ஃபால்ஸ் வேற அளவு சுருங்கும், அப்ப அடிப்பக்கம் இழுக்கத்தான் செய்யும், காட்டன் சேலைக்கு இன்னும் கவனமா இருக்கணும், மொத துவைப்ப தனியா துவைங்க, சாயம் கொஞ்சம் எறங்கும், வெயில்ல போடாம நெழல்ல காய வைங்கன்னு ஆரம்பிச்சு ஒரு ஃபால்ஸ எடுத்து சேலை கரையில வச்சு எங்க ஊசி போகணும் எவ்வளவு தள்ளி போகணும்னு காமிச்சே குடுத்துட்டார். அந்த அஞ்சாறு நிமிஷம் படபடப்பு இருந்துச்சான்னு பின்னாடி கேட்டேன், யோசிச்சு பாத்துட்டு, தெரியல மேடம் கவனிக்கலன்னார். கவனிக்கலங்குறதுதான் எனக்கு வேணும்.

அடுத்த கேள்வி வேற மாதிரி. "இது ஜிஐ கண்டாங்கியா, கைத்தறியில நெய்ததா, பவர்லூமா?" கண்டாங்கிக்கு 2019ல ஜிஐங்குற புவிசார் குறியீடு கெடைச்சதுல இருந்து வெளியூர்க்காரங்க இத கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. நோட்டுல எழுதின பயம் இதேதான். நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சாம். "கைத்தறிதான், எனக்கு நெய்து குடுத்தவர தெரியும், ஆனா ஜிஐ சர்டிபிகேட் விவரம் அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும், நாளைக்கு இதே நேரம் சொல்றேன்"னுட்டார். யாரும் சிரிக்கல. கேட்டவங்க ஒரு கை எடுத்துக் கும்புடுற பொம்மைய போட்டுட்டு போனாங்க. நோட்டுல அன்னைக்கு கீழ எழுதினது: "தெரியலன்னு சொன்னேன், ஒண்ணும் ஆகல". சேலை அன்னைக்கு ஒண்ணு கூட விக்கல.

இத அழுத்தி சொல்றேன். விக்காததும் பயமும் வேற வேற கணக்கு. லைவ்ல உக்காந்து முழு நேரமும் இருந்தீங்களா, மறைக்காம இருந்தீங்களா, அது பயத்தோட கணக்கு. விலை, கலர், பாக்குற ஆளுங்க எண்ணிக்கை, கொரியர் செலவு, அது வியாபாரத்தோட கணக்கு. ரெண்டையும் ஒரே நோட்டுல ஒரே பக்கத்துல எழுதினா விக்காத நாளெல்லாம் பயம் ஜெயிச்ச நாள் மாதிரி தெரியும்.

இதோட முடிஞ்சிருந்தா கதை அழகா இருக்கும், ஆனா மூணாவது லைவ்ல மறுபடி ஒட்டிக்கிச்சு. காரணம் தேடினா, அன்னைக்கு பையன் ஊர்ல இல்ல. அதுவரைக்கும் போனுக்கு பின்னாடி அவன் நின்னு தலைய ஆட்டிக்கிட்டே இருந்திருக்கான், இவர் லென்ஸ பாக்குறேன்னு சொல்லிட்டு அவன் மொகத்த பாத்து பேசியிருக்கார். அதுவும் முழங்கைய அழுத்துற மாதிரி ஒரு பாதுகாப்புதான், எனக்கும் தெரியல அவருக்கும் தெரியல. பயம் திரும்பி வந்தா பழையபடி ஆயிட்டோம்னு நெனைக்காதீங்க, எதோ ஒரு பாதுகாப்பு நம்ம கண்ணுல படாம இருந்து இப்ப கழண்டிருக்குன்னு தேடுங்க. அதுக்கப்புறம் பையன் இல்லாமலேயே போட்டார், கமெண்ட அவரே படிச்சார்.

கடைசியா ஒரு பயிற்சி குடுத்தேன், அவருக்கு புடிக்கவே இல்ல. வேணும்னே பத்து நொடி பேசாம இருந்து தண்ணி குடிக்கணும், வேணும்னே சேலைய கைய நீட்டி தூக்கி புடிச்சு நடுக்கம் தெரியுற மாதிரி காமிக்கணும். எது நடந்தா மானம் போகும்னு நெனைக்கிறமோ அத நாமளே சின்ன அளவுல செஞ்சு பாக்குறது. செஞ்சார். தண்ணி குடிச்சப்ப பாத்துக்கிட்டிருந்தவங்கள்ல யாரும் போகல. கைய நீட்டினப்ப ஒருத்தன் எழுதினான், "ஏன் அண்ணே கை இப்படி நடுங்குது". பயந்தது நெசமாவே நடந்துச்சு. அதையும் அவர் சத்தமா படிச்சார், "லைவ் புதுசு தம்பி, படபடப்பாத்தான் இருக்கு, சேலைய பாருங்க"ன்னு சொல்லி முந்திய இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டுபோனார். அதுதான் அவர் நோட்டுல எனக்கு புடிச்ச பக்கம். யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு மட்டும் நம்பிக்கிட்டிருந்தா ஒருத்தன் கவனிச்சதும் எல்லாம் இடிஞ்சிரும், கவனிச்சாலும் சமாளிக்க முடியும்னு தெரிஞ்சாத்தான் அது நிக்கும். அன்னைக்கு ரெண்டு சேலை போச்சு, ஒண்ணு அந்த ஃபால்ஸ் ஆச்சிக்கு, ஃபால்ஸ் வச்சு ஓரம் அடிச்சு குடுங்கன்னு சேத்து கேட்டாங்க.

இப்பவும் அவருக்கு லைவுக்கு முன்னாடி வயித்துல ஏதோ பண்ணத்தான் செய்யுது, நூத்துக்கு முப்பது நாப்பதுன்னு சொல்றார். அது ஜீரோ ஆகணும்னு நான் பாக்கல. ஜீரோ ஆகுற வரைக்கும் காத்திருக்கேன்னு சொன்னா யாரும் லைவே போட மாட்டாங்க.

உங்களுக்கு வருவோம். உங்க கடிதத்துல கை நடுங்குறது "எனக்கே தெரியுது"ன்னு எழுதியிருக்கீங்க, அடுத்தவங்க யாரும் சொன்னதா எழுதல. அதனால அந்த ரெண்டு ரெக்கார்டிங்ல இருந்து ஆரம்பிங்க. வச்சிருக்க கண்டாங்கியில கட்டம் பெருசா இருக்க ஒண்ண எடுங்க, சின்ன கட்டம் கேமராவுல அலையடிக்கிற மாதிரி தெரியும். நீங்க என்ன பண்ணி மறைக்கிறீங்கன்னு ஒரு லிஸ்ட் மொதல்ல எழுதுங்க, முந்தானைய இழுத்து இழுத்து விடுறது, சும்மா சிரிக்கிறது, எதுவா இருந்தாலும். பேச என்ன இருக்குன்னு மலைச்சா டேப்ப எடுத்து லைவ்லயே அளந்து காமிங்க, சேலை அஞ்சரை மீட்டர் இருக்கா, ஜாக்கெட் பிட்டு எவ்வளவு விட்டிருக்காங்க, 40 அளவுக்காரங்க முழங்கை வரைக்கும் கை வச்சா அந்த பிட்டு பத்துமா பத்தாதா, இத உங்கள மாதிரி ஒரு டெய்லர் சொல்லணும், துணிக்கடையில சொல்ல மாட்டாங்க. வாய் காயுறது படபடப்பால வர்றது, பக்கத்துல தண்ணி வச்சு நடுவுல ஒரு வாய் குடிங்க, காப்பிய மட்டும் லைவ் முடிஞ்சு குடிங்க, அது படபடப்ப இன்னும் ஏத்தும். மூச்சு வேகமா இருந்தா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் இழுக்குறத விட விடுறத மெதுவா விடுங்க, ஆனா லைவ் நடுவுல மூச்ச எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, கவனம் மறுபடி உள்ள போயிரும்.

ஒண்ண மட்டும் கவனிங்க. இந்த படபடப்பு லைவோட நிக்காம கடைக்கு ஆள் வந்தாலே வருது, கல்யாண வீட்டுக்கு போகவே பயமா இருக்கு, தூக்கம் போச்சு, இல்ல லைவ் இல்லாத நேரத்துலயும் திடீர்னு நெஞ்ச அடைக்குதுன்னா நான் சொன்னது பத்தாது. நெஞ்சு வலி மாதிரி இருந்தா மொதல்ல ஒரு ஈசிஜி எடுத்து டாக்டர பாத்துருங்க. மத்ததுக்கு அரசு மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு, டெலி மனஸ் நம்பர் 14416, காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம்.

ரெக்கார்டிங் ரெண்டையும் எடுத்த அன்னைக்கே பாக்காதீங்க, மறுநாள் பாருங்க. பாக்குறதுக்கு முன்னாடி போட்ட மார்க்கையும் பாத்தப்புறம் போட்ட மார்க்கையும் எனக்கு எழுதுங்க, வீடியோ அனுப்ப வேணாம். ரெண்டு மார்க்குக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்குன்னு பாத்துட்டு, Only me எத்தன நாள் போடுறது, தெரிஞ்சவங்கள எப்ப கூப்புடுறதுன்னு சொல்றேன். நெசவுக்காரர்கிட்ட சேலைக்கு எவ்வளவு நாள் தவணை இருக்குன்னும் அதுலயே எழுதுங்க, அவசரத்துல ஒரு படிய தாண்ட வேண்டி வந்தா எத தாண்டலாம்னு அதையும் வச்சுத்தான் யோசிக்கணும்.